செட்டிநாட்டு வீட்டுக்குக் கரண்டும் தண்ணீரும்: எந்த அலுவலகம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் பூர்வீக வீடு புதுக்கோட்டை மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், சிவகங்கை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது. பட்டாவில் திருமயம் வட்டம். கடை, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாவற்றுக்கும் போவது காரைக்குடிக்கு. பல வருடம் பூட்டியே கிடந்ததால் மின் இணைப்பைத் துண்டித்து மீட்டரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புது இணைப்பு வாங்கி, தண்ணீர்க் குழாயும் போட்டுவிட்டால் வீட்டைச் செப்பனிட ஆரம்பிக்கலாம், இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

68 நாள் ஆனது. அதில் உண்மையாக வேலை நடந்தது 13 நாள்தான். மீதி 55 நாளும், பட்டாவில் எழுதியிருந்த மாவட்டத்தை நம்பி நானே தப்பான இடத்தில் விண்ணப்பம் போட்டதால் போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. மாவட்டம் என்பது வருவாய்த் துறை நிலத்தைப் பிரித்து வைத்திருக்கிற கணக்கு. மின்வாரியம் துணை மின் நிலையத்திலிருந்து கம்பி போகும் வழியைப் பார்த்துப் பிரிக்கிறது. குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழாய் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் கணக்கு. மூன்று கோடும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் பரவிக் கிடப்பதால் நம் ஊர்களில் இந்தக் குழப்பம் கொஞ்சம் கூடுதல்.

1. முதலில் சொற்களைச் சரி செய்துகொள்ளுங்கள்

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு படிவத்தையும் நிரப்ப வேண்டாம். நான் விழுந்த குழி இதுதான்.

வருவாய்த் துறையில் மாவட்டத்துக்குக் கீழே கோட்டம், கோட்டத்துக்குக் கீழே வட்டம். கோட்டத்துக்குக் கோட்டாட்சியர், வட்டத்துக்குத் தாசில்தார். அதாவது கோட்டம் பெரிசு, வட்டம் சிறிசு. மின்வாரியத்தில் இது தலைகீழ். அங்கே மண்டலத்துக்குக் கீழே வட்டம், வட்டத்துக்குக் கீழே கோட்டம், அப்புறம் உபகோட்டம், கடைசியாகப் பிரிவு அலுவலகம். மின் பகிர்மான வட்டம் என்பது ஏறக்குறைய ஒரு மாவட்டம் அளவுக்குப் பெரியது. அதற்கு மேற்பார்வைப் பொறியாளர் தலைவர். கோட்டத்தைச் செயற்பொறியாளர் பார்ப்பார். பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரோ இளநிலைப் பொறியாளரோ இருப்பார்.

காரைக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் "காரைக்குடி வட்டம்" என்பார்கள். அந்த வட்டம் தேவகோட்டைக் கோட்டத்தில் இருக்கிறது. ஈ.பி.யில் கேட்டால் காரைக்குடியே ஒரு கோட்டம். அது சிவகங்கை வட்டத்தில் இருக்கிறது. பஸ் விஷயத்துக்குப் போனால் காரைக்குடி ஒரு மண்டலம், அது கும்பகோணம் கோட்டத்தில்! ஒரே ஊர், மூன்று துறை, மூன்று அளவு. படிவத்தில் "வட்டம்" என்று ஒரு கட்டம் இருந்தால், அது யாருடைய படிவம் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஈ.பி. படிவத்தில் வட்டம் என்ற இடத்தில் "திருமயம்" என்று தேடிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு மின் வட்டம் கிடையாது.

வட்டங்களின் எண்ணிக்கையும் மாவட்டங்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. கோபி, மேட்டூர், உடுமலை ஆகியவை மாவட்டத் தலைநகரங்கள் இல்லை. ஆனால் அவற்றின் பெயரில் மின் வட்டங்கள் உண்டு. அரியலூர் தனி மாவட்டம். அதன் கரண்ட் பெரம்பலூர் வட்டத்தில்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பட்டியலில் "திருப்பத்தூர்" என்று ஒரு மின் வட்டம் இருக்கும். அது நம் பிள்ளையார்பட்டிக்குப் பக்கத்துத் திருப்பத்தூர் இல்லை. வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூர். நம் திருப்பத்தூர், சிவகங்கை வட்டத்துக்குள் அடங்கும். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன் இதை அழுத்திவிட்டு, பிரிவுப் பட்டியலில் தன் ஊரைக் காணோம் என்று ஒரு சாயங்காலம் முழுக்கத் தேடியிருக்கிறார்.

2. பட்டாவை மடித்து வைத்துவிட்டு மின் இணைப்பு எண்ணைப் பாருங்கள்

உங்கள் வீடு எந்த மின் வட்டம் என்று சொல்வது மின் இணைப்பு எண்தான். முதல் இரண்டு இலக்கம் மண்டலம். அடுத்த மூன்று பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று அந்தப் பிரிவுக்குள் இருக்கிற பகிர்மானம். மிச்சம் இருப்பது உங்கள் வீட்டுக்கான எண். சிவகங்கை வட்டத்து எண்கள் மதுரை மண்டலக் குறியீடான 05-இல் ஆரம்பிக்கும். புதுக்கோட்டை வட்டத்து எண்கள் திருச்சிக் குறியீடான 06-இல் ஆரம்பிக்கும். செட்டிநாட்டில் இந்த ஒரு இலக்க வித்தியாசமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

எண் எங்கே இருக்கும்? பழைய மீட்டர் அட்டையில். பெரும்பாலும் மீட்டர்ப் பலகைக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். பலகையிலேயே பெயின்டால் எழுதியிருப்பதும் உண்டு. ஆனால் அதில் பல வீடுகளில் கடைசி எண் மட்டும்தான் இருக்கும், முன்னால் உள்ள எட்டு இலக்கமும் இருக்காது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் வீட்டில் அட்டையைக் கரையான் தின்றுவிட்டது. எதிர்வீட்டு ஆச்சியிடம் போய், "ஆச்சி, உங்க கரண்ட் அட்டையக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். 05 என்று ஆரம்பித்தது. பட்டா புதுக்கோட்டை மாவட்டம். கரண்ட் மதுரை மண்டலத்து சிவகங்கை வட்டம். ஆச்சியிடம் இதைச் சொன்னதற்கு, "கம்பி கானாடுகாத்தான் பக்கத்துலேருந்துதானேப்பா வருது" என்றார்கள். அவர்களுக்கு எப்போதுமே தெரியும். நான்தான் முதலில் கேட்கவில்லை.

3. பக்கத்து வீடும் இல்லையென்றால் கம்பியின் பின்னால் போங்கள்

தனியாக நிற்கிற வீடு, அல்லது தெருவே பூட்டிக் கிடக்கிறது என்றால் கம்பத்திலிருந்து ஆரம்பியுங்கள். வீட்டுக்கு மிக அருகில் உள்ள கம்பத்திலிருந்து கம்பி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நடந்தால் டிரான்ஸ்பார்மர் வரும். அதில் அதன் பெயரும் திறனும் எழுதியிருப்பார்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னால் லைன்மேன் உடனே எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவார். ஊர்ப் பெயரைச் சொன்னால் குழம்புவார். ஏனென்றால் ஒரே ஊருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கம்பி வருவது உண்டு.

நம் ஊர் வீடுகளுக்கு இதில் இன்னொரு சிக்கல். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் என்று நீளமாகக் கிடக்கும் வீடுகள். முன் தெருக் கம்பமும் பின் தெருக் கம்பமும் வேறு வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கலாம். மீட்டரை எந்த வாசலில் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு, அந்தப் பக்கத்துக் கம்பத்தைப் பாருங்கள். கதவு எண்ணும் அந்தத் தெருவுக்கு உரியதாக இருந்தால் நல்லது.

தபால் பின்கோடை நம்பாதீர்கள். காரைக்குடிப் பக்கம் 630, புதுக்கோட்டைப் பக்கம் 622 என்று ஆரம்பிக்கும். அது தபால்காரர் வரும் வழி. அதற்கும் கரண்டுக்கும் சம்பந்தமில்லை.

4. விண்ணப்பமும் காகிதங்களும்

பிரிவு எது என்று தெரிந்த பிறகு, ஆன்லைனில் போடுவதற்கு முன்னால் ஒரு முறை நேரில் போய் வாருங்கள். காலை பத்தரை மணிக்குள் போனால் பொறியாளர் அலுவலகத்தில் இருப்பார். அப்புறம் வேலை நடக்கும் இடங்களுக்குக் கிளம்பிவிடுவார். டிரான்ஸ்பார்மர் போட்டோ, எதிர்வீட்டு எண் இரண்டையும் காட்டி, "இந்த வீடு உங்கள் பிரிவுதானே சார்" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு நடை எனக்கு 55 நாளை மிச்சப்படுத்தியிருக்கும்.

கேட்கும் காகிதங்கள் இவை: உரிமைக்கான ஆதாரம் (பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது ஆகியவற்றில் ஒன்று), அடையாள அட்டை, போட்டோ. சொத்து அப்பா பெயரிலோ ஐயா பெயரிலோ இருந்தால் வாரிசுச் சான்றிதழ். இங்கேதான் செட்டிநாட்டு வீடு முறைக்கும். ஒரு வீட்டுக்கு எட்டுப் பங்கு, பதினாறு பங்கு என்று இருக்கும். பங்காளிகள் ஆளுக்கொரு நாட்டில் இருப்பார்கள். மற்றப் பங்குதாரர்களின் சம்மதக் கடிதம் வேண்டும். எல்லோரிடமும் வாங்க முடியாவிட்டால் முத்திரைத்தாளில் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாமா, எத்தனை ரூபாய்த் தாளில் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு அப்புறம் தாள் வாங்குங்கள். முதலில் தாளை வாங்கிவிட்டால் மறுபடி வாங்க வேண்டிவரும்.

காகிதத்தில் ஒரு மாவட்டம், விண்ணப்பத்தில் வேறு வட்டம் என்று இருக்குமே, நிராகரிப்பார்களா என்று பயந்தேன். சரியான பிரிவாக இருந்தால் அது பிரச்சினையே இல்லை. எல்லை ஊர்கள் அவர்களுக்குப் பழக்கம். ஆனால் முகவரியைத் திருத்தி எழுதாதீர்கள். வட்டம் சிவகங்கை என்பதால் வீட்டு முகவரியிலும் "சிவகங்கை மாவட்டம்" என்று போட்டுவிட்டால் பட்டாவோடு ஒத்துப்போகாது. அப்போதுதான் நிராகரிப்பார்கள். முகவரியில் பட்டாவில் உள்ள மாவட்டம், அலுவலகத் தேர்வில் மின் வட்டம். இரண்டும் வேறாகவே இருக்கட்டும்.

செலவுக்கு வருவோம். மாநிலம் முழுக்க ஒரே கட்டண விகிதம்தான்; எந்த வட்டத்தில் இருந்தாலும் யூனிட் விலையில் வித்தியாசமில்லை. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதும் எல்லா இடத்திலும் ஒன்றே. புது இணைப்புக்குப் பதிவுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், வைப்புத்தொகை, மீட்டருக்கான தொகை என்று பல தலைப்பில் வரும். ஒரு பேஸ், மூன்று பேஸ், எத்தனை கிலோவாட் என்பதைப் பொறுத்து மாறும்; விண்ணப்பத்திலேயே மொத்தம் காட்டும். ஏ.சி. போடுகிற உத்தேசம் இருந்தால் கிலோவாட்டை இப்போதே சரியாகச் சொல்லிவிடுங்கள். தப்பான பிரிவில் விண்ணப்பித்தால் பதிவுக் கட்டணத்தை மறுபடி கட்ட நேரிடும். நான் இரண்டு முறை கட்டினேன்.

நாள் கணக்குக்கு, 2024-இல் திருத்தப்பட்ட மத்திய மின் நுகர்வோர் உரிமை விதிகள் பெருநகரத்துக்கு 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதிகளுக்கு 7 நாள், கிராமத்துக்கு 15 நாள் என்று சொல்கின்றன. காகிதம் முழுமையாக இருந்து, புதிதாகக் கம்பமோ கம்பியோ இழுக்க வேண்டாத இடத்துக்குத்தான் இது. எங்களுக்குச் சரியான பிரிவில் 13 நாளில் மீட்டர் வந்தது.

5. தண்ணீர்: வாரியம் வேறு, உங்கள் வீட்டுக் குழாய் வேறு

கரண்டில் ஒரே நிறுவனம் துணை மின் நிலையத்திலிருந்து உங்கள் மீட்டர் வரை பார்த்துக்கொள்ளும். தண்ணீரில் அப்படி இல்லை. இது தெரியாமல் குடிநீர் வடிகால் வாரிய அலுவலகத்துக்குப் போய் வீட்டுக் குழாய் கேட்டு நின்ற ஆள் நான்.

சென்னை தவிர்த்த தமிழ்நாட்டுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். அது ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீரை எடுத்து, பெரிய குழாயில் கொண்டுவந்து, ஊரின் தரைத்தொட்டியிலோ மேல்நிலைத் தொட்டியிலோ விடுவதோடு சரி. அங்கிருந்து தெருக்குழாய், வீட்டு இணைப்பு, வரி எல்லாம் உள்ளாட்சியின் வேலை. காரைக்குடிக்குள் மாநகராட்சி, கானாடுகாத்தானில் பேரூராட்சி, கிராமத்தில் ஊராட்சி.

வாரியமும் மண்டலம், வட்டம், கோட்டம் என்றுதான் பிரிந்திருக்கிறது. ஆனால் அந்த மண்டலக் கோடு ஈ.பி. மண்டலக் கோட்டோடு ஒத்துப்போகாது. சிவகங்கை மாவட்டம் வாரியத்தின் மதுரை மண்டலத்தில் இருக்கிறது, அதுவரை ஈ.பி.யைப் போலவே. புதுக்கோட்டைக்கு ஈ.பி.யில் திருச்சிக் குறியீடு. குடிநீர் வாரியத்தில் தஞ்சாவூர் மண்டலம். அதனால் எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி வந்தது: நிலத்துக்குப் புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் வட்டம், கரண்டுக்குச் சிவகங்கை வட்டம், மதுரை மண்டலம், தண்ணீர் வாரியத்துக்குத் தஞ்சாவூர் மண்டலம், வீட்டுக் குழாய்க்கு எங்கள் ஊராட்சி, அதற்கு மேலே அரிமளம் ஒன்றியம். ஒன்றியமும் வருவாய் வட்டமும் ஒன்றல்ல என்பதையும் பாருங்கள். திருமயம் வட்டத்துக்குள்ளேயே திருமயம், அரிமளம் என இரண்டு ஒன்றியம். காரைக்குடி வட்டத்துக் கிராமங்கள் பலவற்றுக்கு ஒன்றிய அலுவலகம் சாக்கோட்டையின் பெயரில்.

தண்ணீர் வராவிட்டால் யாரிடம் போவது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மேல்நிலைத் தொட்டியை இயக்குகிறவரிடம் கேளுங்கள்: "அண்ணே, தொட்டி நிரம்புதா?" தொட்டி நிரம்புகிறது, வீட்டுக்கு வரவில்லை என்றால் உள்ளாட்சி. தொட்டியே நிரம்பவில்லை என்றால் அடுத்த கேள்வி, இது ஊர் போர்வெல் தண்ணீரா, திட்டத் தண்ணீரா? போர்வெல் என்றால் அதுவும் உள்ளாட்சியே. மோட்டார் எரிந்திருக்கும் அல்லது நீர்மட்டம் இறங்கியிருக்கும். திட்டத் தண்ணீர் என்றால்தான் வாரியம். அதிலும் மாவட்டக் கணக்கு உதவாது. இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று பெயர். தண்ணீர் எடுப்பது திருச்சிக்கு அருகே காவிரியில். குழாய் புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களைத் தாண்டி இராமநாதபுரம் போகிறது, வழியில் உள்ள ஊர்களுக்கும் கொடுத்துக்கொண்டே. நடுவில் ஓர் இடத்தில் உடைந்தால் மூன்று மாவட்டத்திலும் தொட்டி காயும். உங்கள் மாவட்டத்தில் யாரைக் கேட்டும் பயனில்லை. திட்டத்தின் பெயரைச் சொல்லி, அதைப் பராமரிக்கிற வாரியக் கோட்டம் எது என்று கேளுங்கள்.

இதற்கு நேர்மாறு காரைக்குடி நகரம். அங்கே ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த தண்ணீர் சம்பை ஊற்றுத் தண்ணீர். உள்ளூர் நிலத்தடி நீர். நகரத்துக்குள் வீடு என்றால் நேரே மாநகராட்சிக்குப் போங்கள். ஆனால் காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது சுற்றுவட்டாரப் பகுதிகளையும் சேர்த்தார்கள். பழைய வரி ரசீதில் ஊராட்சி, பேரூராட்சி என்று இருந்தால், இப்போது யாருடைய கணக்கு என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

குழாய் இணைப்புக்கு முக்கியமான காகிதம் பாக்கி இல்லாத வீட்டு வரி ரசீது. பூட்டிக் கிடந்த வீடு என்றால் வரி பல வருடம் நிற்கும். முதலில் அதைக் கட்டுங்கள். ஊராட்சி வரிக்கு vptax.tnrd.tn.gov.in, நகர்ப்புறத்துக்கு tnurbanepay.tn.gov.in. வைப்புத்தொகை உள்ளாட்சிக்கு உள்ளாட்சி மாறும். தெருவைத் தோண்டிச் சரி செய்யும் செலவும் உங்கள் தலையில் விழலாம். சிமென்ட் ரோடு என்றால் அதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. புகார் கொடுக்கும்போது

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் எல்லாம் நடக்கும் என்பார்கள். எல்லை ஊர்க்காரர்களுக்கு அது சுற்று வழி. கலெக்டர் அலுவலகம் அந்த மாவட்டத்து மின் வட்டத்துக்கு மனுவை அனுப்பும். "எங்கள் பகுதி இல்லை" என்று பதில் வர மூன்று வாரம் ஆகும். எனக்கு 24 நாள் ஆனது.

கரண்டுக்கு மின்னகம், 94987 94987. மாநிலம் முழுக்க ஒரே எண்; இணைப்பு எண்ணைச் சொன்னால் அதுவே சரியான பிரிவுக்குப் போகும். அங்கேயும் தீரவில்லை என்றால் உங்கள் மின் வட்டத்தின் நுகர்வோர் குறைதீர் மன்றம். 05 எண்காரர்கள் பட்டாவில் புதுக்கோட்டை என்று இருந்தாலும் சிவகங்கை வட்டத்து மன்றத்துக்குத்தான் எழுத வேண்டும். மனுவின் முதல் வரியிலேயே இணைப்பு எண்ணை எழுதுங்கள். முகவரி இரண்டாவது வரிக்குப் போகட்டும்.

பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் அறிவிப்பையும் மாவட்டம் பார்த்துத் தேடாதீர்கள். அது துணை மின் நிலையத்தின் பெயரில் வரும். எங்கள் வீட்டுக்கான அறிவிப்பு புதுக்கோட்டைப் பதிப்பு நாளிதழில் வந்ததே இல்லை. காரைக்குடியில் டீக்கடையில் கிடக்கும் பேப்பரில்தான் இருக்கும். வீட்டு வேலைக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிற நாளில் கரண்ட் இல்லாமல் போனால் அந்த நாள் கூலியும் வீண், அதனால் துணை மின் நிலையத்தின் பெயரை லைன்மேனிடம் கேட்டு மேஸ்திரிக்கும் சொல்லி வையுங்கள்.